ஆர்ஓஇ ஏன் மாறியது? இரண்டு ஆண்டுக் கணக்கை மூன்றாகப் பிரித்துக் காரணம் கண்டறியும் வழி

பங்குதாரர் நிதியின் மீது ஒரு நிறுவனம் ஈட்டும் வருவாய் விகிதத்தை, அதாவது ஆர்ஓஇ என்று நாம் பேச்சில் சொல்வதை, எந்தப் பங்குச் செயலியும் ஒரே எண்ணாகக் காட்டிவிடும். அந்த எண் சென்ற ஆண்டைவிட ஏன் கூடியது அல்லது குறைந்தது என்று கேட்டால் செயலி பதில் சொல்லாது. வருவாயில் லாபம் எவ்வளவு என்று சொல்லும் லாப விகிதம், வருவாய் சொத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் சொத்துச் சுழற்சி, சொத்து பங்குதாரர் நிதியைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் நிதிப் பெருக்கி என்ற மூன்று கூறுகளாக அதைப் பிரிக்க வேண்டும் என்று பாடநூல்கள் ஒரு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன. எந்த ஆவணத்தின் எந்த வரியை எடுப்பது, சராசரி எடுப்பதா வேண்டாமா, மாற்றத்தை மூன்று கூறுகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதையெல்லாம் நான் தட்டுத்தடுமாறியே கற்றுக்கொண்டேன். புதிதாக இதைச் செய்பவர்கள் அதே இடங்களில் நேரத்தை இழக்க வேண்டாம் என்பதற்காக, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (இனி டிசிஎஸ்) நிறுவனத்தின் 2021-22, 2022-23 கணக்குகளை வைத்து முழுவதையும் செய்து காட்டுகிறேன்.

இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டில் அதன் லாப விகிதம் குறைந்தது. ஆனாலும் ஆர்ஓஇ உயர்ந்தது. ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.

## 1. முதலில் ஆவணங்களைச் சேருங்கள்

உங்களுக்குத் தேவையானவை இரண்டு ஆண்டறிக்கைகள்: 2021-22க்கு ஒன்று, 2022-23க்கு ஒன்று. பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் அதன் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியிலும் பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் இவை இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வோர் அறிக்கையிலும் நடப்பு ஆண்டும் முந்தைய ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பதால், ஒரே அறிக்கை போதுமே என்று தோன்றும். லாப நட்டக் கணக்கிற்கு அது போதும். இருப்புநிலைக் குறிப்பிற்குப் போதாது. சராசரி எடுப்பதற்கு 2021, 2022, 2023 ஆகிய மூன்று மார்ச் 31ஆம் தேதிகளின் இருப்புநிலை வேண்டும், அவற்றில் மிகப் பழையது முந்தைய அறிக்கையில் மட்டுமே இருக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, பட்டியலிட்ட நிறுவனங்கள் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு முடிவுகளை நிதியாண்டு முடிந்து 60 நாள்களுக்குள் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. டிசிஎஸ் போன்றவை ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வெளியிட்டுவிடுகின்றன. அந்த முடிவுகளோடு இருப்புநிலைக் குறிப்பும் வந்துவிடுவதால் பிரிப்புக் கணக்கை அன்றே போடலாம். காரணங்களைத் தேடுவதற்கு வேண்டிய விளக்கக் குறிப்புகள் மட்டும் முழு ஆண்டறிக்கையில்தான் இருக்கும், அது பங்குதாரர் பொதுக்கூட்டத்திற்குக் குறைந்தது 21 நாள்களுக்கு முன் கிடைக்கும்.

பட்டியலிடப்படாத நிறுவனமாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டணம் செலுத்தி, அது தாக்கல் செய்த ஏஓசி-4 படிவத்தையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பொதுக்கூட்டம் செப்டம்பர் இறுதிவரை நடக்கலாம், அதன்பின் படிவத்தைத் தாக்கல் செய்ய 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், அக்டோபர் முடியும் முன் தேடி ஏமாற வேண்டாம்.

## 2. ஒருங்கிணைந்த கணக்கா, தனிநிலைக் கணக்கா என்பதை முடிவுசெய்யுங்கள்

ஆண்டறிக்கையில் இரண்டு முழுக் கணக்குத் தொகுதிகள் இருக்கும். துணை நிறுவனங்களையும் சேர்த்தது ஒருங்கிணைந்த கணக்கு; தாய் நிறுவனத்தை மட்டும் காட்டுவது தனிநிலைக் கணக்கு. இரண்டிலும் தலைப்புகளும் வரிகளும் ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றிலிருந்து லாபத்தையும் மற்றொன்றிலிருந்து விற்பனையையும் எடுத்துவிடுவது மிக எளிது. டிசிஎஸ்ஸின் 2022-23 ஒருங்கிணைந்த வருவாய் 2,25,458 கோடி ரூபாய். தனிநிலை வருவாய் 1,90,354 கோடி ரூபாய். முதலாவதில் லாப விகிதம் 18.7 சதவீதம், இரண்டாவதில் 20.5 சதவீதம். இரண்டுமே நம்பும்படியான எண்கள் என்பதால், கலந்துவிட்டால் விடையைப் பார்த்து யாராலும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. நாம் ஒருங்கிணைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். பங்குதாரருக்கு உரியது குழுமம் முழுவதன் லாபம்தானே.

## 3. நான்கு வரிகளை மட்டும் எடுத்தெழுதுங்கள்

தேவைப்படும் வரிகள் நான்கே: நிகர லாபம், செயல்பாட்டு வருவாய், மொத்தச் சொத்து, பங்குதாரர் நிதி. எல்லாம் கோடி ரூபாயில்:

| வரி | 2020-21 | 2021-22 | 2022-23 |
|---|---|---|---|
| நிகர லாபம் (தாய் நிறுவனப் பங்குதாரருக்கு உரியது) | – | 38,327 | 42,147 |
| செயல்பாட்டு வருவாய் | – | 1,91,754 | 2,25,458 |
| மொத்தச் சொத்து, மார்ச் 31 | 1,30,759 | 1,41,514 | 1,43,651 |
| பங்குதாரர் நிதி, மார்ச் 31 | 86,433 | 89,139 | 90,424 |

இங்கே கவனம் தேவைப்படும் இடங்கள் மூன்று.

முதலாவது நிகர லாபம். ஒருங்கிணைந்த லாப நட்டக் கணக்கின் அடியில் 2022-23க்கு 42,303 கோடி என்று ஓர் எண் இருக்கும். அதற்குக் கீழே அது தாய் நிறுவனப் பங்குதாரருக்கு 42,147 கோடி என்றும், துணை நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கும் வெளியாருக்கு 156 கோடி என்றும் பிரிக்கப்பட்டிருக்கும். லாபத்தில் வெளியார் பங்கை நீக்கினால் நிதியிலும் அதை நீக்க வேண்டும். பங்குதாரர் நிதி 90,424 கோடி என்பது அப்படி நீக்கிய எண்தான். டிசிஎஸ்ஸில் இந்த வேறுபாடு சிறியது. துணை நிறுவனங்களில் பாதிப் பங்கு வெளியாரிடம் இருக்கும் குழுமங்களில் இதைக் கவனிக்காவிட்டால் ஆர்ஓஇ பல புள்ளிகள் தவறாக வரும்.

இரண்டாவது வருவாய். ‘மொத்த வருமானம்’ என்ற வரியில் வட்டி போன்ற இதர வருமானமும் சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது செயல்பாட்டு வருவாய். எதை எடுத்தாலும் ஆர்ஓஇ மாறாது, ஏனெனில் பெருக்கும்போது வருவாய் அடிபட்டுப் போகும். ஆனால் லாப விகிதத்துக்கும் சுழற்சிக்கும் இடையேயான பங்கீடு மாறிவிடும். இரண்டு ஆண்டுக்கும் ஒரே வரியை எடுப்பது கட்டாயம்.

மூன்றாவது, திருத்தப்பட்ட முந்தைய ஆண்டு எண்கள். புதிய அறிக்கையில் உள்ள ‘முந்தைய ஆண்டு’ பத்தியும் பழைய அறிக்கையின் ‘நடப்பு ஆண்டு’ பத்தியும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். இணைப்பு, வகைமாற்றம் போன்ற காரணங்களால் வேறுபட்டால் புதிய அறிக்கையின் எண்ணை எடுத்துக்கொண்டு, எதனால் வேறுபட்டது என்பதைக் குறித்து வையுங்கள்.

## 4. சராசரியா, ஆண்டிறுதியா

லாபமும் வருவாயும் பன்னிரண்டு மாதங்களில் சேர்ந்தவை. சொத்தும் நிதியும் ஒரே நாளின் நிலை. அதனால் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது முறையானது. அவ்வாறு செய்தால் 2021-22க்குச் சராசரிச் சொத்து 1,36,136.5 கோடி, சராசரி நிதி 87,786 கோடி; 2022-23க்கு 1,42,582.5 கோடியும் 89,781.5 கோடியும் ஆகும்.

சராசரி எடுப்பதால் ஒரு பக்கவிளைவு உண்டு, அதை 7ஆம் படியில் கண்ணெதிரே காண்போம். இப்போதைக்கு, எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கூறுகளிலும் இரண்டு ஆண்டுகளிலும் அதையே பின்பற்றுங்கள். சுழற்சிக்குச் சராசரிச் சொத்தும் பெருக்கிக்கு ஆண்டிறுதிச் சொத்தும் எடுத்தால், மூன்றையும் பெருக்கும்போது ஆர்ஓஇ வராது.

## 5. மூன்று கூறுகளையும் கணக்கிடுங்கள்

விரிதாளில் பி பத்தியில் 2021-22, சி பத்தியில் 2022-23 என்று வைத்து, 2ஆம் வரியில் லாபம், 3இல் வருவாய், 4, 5இல் தொடக்க, இறுதிச் சொத்து, 6, 7இல் தொடக்க, இறுதி நிதி என்று எண்களை இடுங்கள். பிறகு இந்தச் சூத்திரங்களை எழுதி சி பத்திக்கு நகலெடுங்கள்:

```
B8    =B2/B3
B9    =B3/AVERAGE(B4:B5)
B10   =AVERAGE(B4:B5)/AVERAGE(B6:B7)
B11   =B8*B9*B10
B12   =B2/AVERAGE(B6:B7)
```

எட்டாவது வரி லாப விகிதம், ஒன்பதாவது சொத்துச் சுழற்சி, பத்தாவது நிதிப் பெருக்கி. பதினோராவதும் பன்னிரண்டாவதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இல்லையென்றால் எங்கோ வரி மாறியிருக்கிறது என்று பொருள்; மேலே செல்லாதீர்கள். கிடைக்கும் விடைகள் இவை:

| கூறு | 2021-22 | 2022-23 |
|---|---|---|
| லாப விகிதம் | 19.99% | 18.69% |
| சொத்துச் சுழற்சி | 1.409 | 1.581 |
| நிதிப் பெருக்கி | 1.551 | 1.588 |
| ஆர்ஓஇ | 43.66% | 46.94% |

ஆர்ஓஇ 3.28 சதவீதப் புள்ளி உயர்ந்திருக்கிறது. நூறு ரூபாய் விற்பனையில் கையில் நிற்கும் லாபம் ஏறத்தாழ 1 ரூபாய் 30 காசு குறைந்த பின்னும் இந்த உயர்வு வந்திருக்கிறது.

## 6. மாற்றத்தை மூன்றுக்கும் பங்கிடுங்கள்

பெரும்பாலோர் இடறும் படி இது. மூன்றும் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன, ஆகவே 1.3 புள்ளி குறைந்த லாப விகிதத்தை நேராக 3.28 என்ற மாற்றத்தோடு ஒப்பிட முடியாது. ஒவ்வொரு கூறும் ஆர்ஓஇயை எத்தனை புள்ளி நகர்த்தியது என்று தனியே காண வேண்டும்.

எளிய முறை, ஒவ்வொரு கூறாகப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றிப் பார்ப்பது. பழைய மூன்று கூறுகளில் லாப விகிதத்தை மட்டும் புதியதாக்கினால் ஆர்ஓஇ 43.66இலிருந்து 40.83ஆக இறங்குகிறது, லாப விகிதத்தின் விளைவு மைனஸ் 2.83. அடுத்துச் சுழற்சியையும் புதியதாக்கினால் 45.84, விளைவு பிளஸ் 5.01. கடைசியாகப் பெருக்கியை மாற்றினால் 46.94, விளைவு பிளஸ் 1.10. கூட்டினால் 3.28 சரியாக வருகிறது.

சிக்கல் என்னவென்றால், வரிசையைத் திருப்பினால் விடையும் மாறும். பெருக்கியை முதலிலும் லாப விகிதத்தைக் கடைசியிலும் மாற்றிப் பாருங்கள்: பெருக்கிக்குப் பிளஸ் 1.05, சுழற்சிக்குப் பிளஸ் 5.48, லாப விகிதத்துக்கு மைனஸ் 3.25 என்று வரும். மொத்தம் அதே 3.28தான், பங்கீடு மட்டும் வேறு. முதலில் மாற்றப்படும் கூறு மற்ற இரண்டின் பழைய மதிப்போடும், கடைசியில் மாற்றப்படுவது அவற்றின் புதிய மதிப்போடும் பெருக்கப்படுவதே இதற்குக் காரணம். ஒரே கணக்குக்கு இரண்டு பேர் இரண்டு விளக்கம் சொல்லி வாதாடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் சரியாகவே கணக்கிட்டிருந்தார்கள், வரிசையைத்தான் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

வரிசையைச் சார்ந்திராத முறை வேண்டுமென்றால் மடக்கையைப் பயன்படுத்துங்கள். பெருக்கலை மடக்கை கூட்டலாக மாற்றிவிடுவதால், ஒவ்வொரு கூறின் வளர்ச்சியும் மொத்த வளர்ச்சியில் எந்த விகிதத்தில் இருக்கிறதோ அந்த விகிதத்தில் 3.28ஐப் பிரித்துக்கொள்ளலாம்:

```
D8    =(C$11-B$11)*LN(C8/B8)/LN(C$11/B$11)
```

இதை டி9, டி10 கட்டங்களுக்கு நகலெடுத்தால், லாப விகிதத்துக்கு மைனஸ் 3.03, சுழற்சிக்குப் பிளஸ் 5.24, பெருக்கிக்குப் பிளஸ் 1.08 என்று கிடைக்கும் (இரண்டு தசமத்துக்குச் சுருக்குவதால் கடைசி இலக்கம் ஒன்று இடிக்கும்). முன்பு கண்ட இரண்டு வரிசைகளின் விடைகளுக்கும் நடுவில் இவை விழுகின்றன. அறிக்கை எழுதுவதாக இருந்தால் இந்த முறையையே நான் பரிந்துரைப்பேன். வாய்மொழியாக விளக்குவதாக இருந்தால் முதல் முறை கேட்பவருக்கு எளிதில் புரியும். எதுவானாலும் முறையின் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகளிலும் ஆர்ஓஇ ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால் இந்தச் சூத்திரத்தின் வகுக்கும் எண் சுழியை நெருங்கும். சரிசமம் என்றால் விரிதாள் பிழை காட்டும். அப்போது முதல் முறைக்குத் திரும்புங்கள்.

## 7. ஒவ்வொரு கூறுக்கும் உள்ளே இறங்கிக் காரணம் தேடுங்கள்

இதுவரை செய்தது எண்கணிதம் மட்டுமே. ‘சுழற்சியால் உயர்ந்தது’ என்பது விளக்கமாகாது. சுழற்சி ஏன் உயர்ந்தது என்பதுதான் விளக்கம். நேரத்தில் முக்கால் பங்கை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள்.

லாப விகிதம். லாப நட்டக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் வருவாயின் சதவீதமாக்கி மேலிருந்து கீழே வாருங்கள். செயல்பாட்டு லாபம் 48,453 கோடியிலிருந்து 54,237 கோடியாக உயர்ந்தாலும், வருவாயின் சதவீதமாகப் பார்த்தால் 25.27இலிருந்து 24.06ஆகக் குறைந்திருக்கிறது. ஊழியர் செலவு வருவாயில் 56.1 சதவீதத்திலிருந்து 56.6 சதவீதமாக ஏறியது அதில் ஒரு பகுதி. இதற்குக் கீழே பலர் பார்க்காத ஒரு வரி இருக்கிறது: இதர வருமானம் 4,018 கோடியிலிருந்து 3,449 கோடியாக இறங்கியிருக்கிறது, அதாவது வருவாயில் 2.10 சதவீதத்திலிருந்து 1.53 சதவீதமாக. வரிக்கு முந்தைய லாப விகிதம் மொத்தம் 1.71 புள்ளி குறைந்ததில் 0.57 புள்ளி, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, மென்பொருள் தொழிலோடு நேரடித் தொடர்பில்லாத இந்த வரியிலிருந்து வந்தது. வட்டி, முதலீட்டு ஆதாயம், அந்நியச் செலாவணி லாப நட்டம் எல்லாம் இதர வருமானத்தில் கலந்தே இருக்கும். எது குறைந்தது என்பதற்கு அந்த வரியின் விளக்கக் குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். வரி விகிதம் இரண்டு ஆண்டிலும் 25.6, 25.7 சதவீதம் என்று அசையாமல் இருப்பதால் அதை விட்டுவிடலாம்.

ஒருமுறை மட்டும் வரும் இனங்கள் இருந்தால் லாபத்தை அவற்றோடும் அவை இல்லாமலும் இருமுறை கணக்கிடுங்கள். நாம் எடுத்த இரண்டு ஆண்டுகளில் அப்படி ஏதும் தனியாகக் காட்டப்படவில்லை. ஆனால் 2020-21இல் 1,218 கோடியும் 2023-24இல் 958 கோடியும் வழக்கு தொடர்பான தனி இனமாக டிசிஎஸ் கணக்கில் வந்தன. அந்த ஆண்டுகளை ஒப்பிடுபவர் இதைக் கவனிக்காவிட்டால், வழக்குச் செலவைத் தொழிலின் சரிவாகவோ மீட்சியாகவோ எழுதிவிடுவார்.

சொத்துச் சுழற்சி. வருவாய் 17.6 சதவீதம் வளர்ந்தது. சராசரிச் சொத்து 4.7 சதவீதமே வளர்ந்தது. இரண்டையும் தனித்தனியே விளக்க வேண்டும். வருவாய் வளர்ச்சியில் ஒரு பகுதி ரூபாய் மதிப்பு சரிந்ததால் வந்தது: நிறுவனமே அறிவித்தபடி, நாணய மாற்றின் விளைவை நீக்கிய வளர்ச்சி 13.7 சதவீதம். அந்த வேகத்தில் மட்டும் வருவாய் வளர்ந்திருந்தால் சுழற்சி 1.58 அல்ல, சுமார் 1.53 ஆகியிருக்கும். வெளிநாட்டில் சம்பாதிக்கும் எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் சுழற்சி உயர்வைத் திறமைக்கு வரவு வைக்காதீர்கள்.

அடுத்து, சொத்து ஏன் வளரவில்லை? 42,147 கோடி லாபம் ஈட்டிய ஆண்டில் பங்குதாரர் நிதி வெறும் 1,285 கோடிதான் கூடியிருக்கிறது. மீதி எங்கே போயிற்று என்பதற்குப் பங்குதாரர் நிதி மாற்ற அறிக்கையைப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் புரட்டாமல் விடும் பக்கம் அது. 2022-23இல் பங்கு ஒன்றுக்கு 113 ரூபாய் வீதம் 41,347 கோடி ரூபாய் ஈவுத்தொகையாக வழங்கப்பட்டது. அதில் 67 ரூபாய், அதாவது சுமார் 24,500 கோடி, சிறப்பு ஈவுத்தொகை. முந்தைய ஆண்டில் 13,317 கோடி ஈவுத்தொகையோடு, 18,000 கோடிக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கியது. ஆக, இரண்டு ஆண்டுகளிலும் லாபத்தின் பெரும்பகுதியை வெளியே கொடுத்துவிட்டதால் சொத்து தேங்கி நின்றது, விற்பனை மட்டும் ஓடியது.

இது எவ்வளவு முக்கியம் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பங்கு திரும்ப வாங்கிய 18,000 கோடியும் சிறப்பு ஈவுத்தொகை 24,500 கோடியும் நிறுவனத்திலேயே இருந்திருந்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி நிதி 2021-22இல் 96,786 கோடியாகவும் 2022-23இல் சுமார் 1,20,030 கோடியாகவும் இருந்திருக்கும். ஆர்ஓஇ 39.6 சதவீதத்திலிருந்து 35.1 சதவீதமாக இறங்கியிருக்கும். அந்தப் பணம் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியையும் பங்கு வாங்கியதற்கான வரியையும் இதில் சேர்க்கவில்லை. வைப்பு வட்டி அளவிலான வருமானத்தைச் சேர்த்தாலும் திசை மாறாது. இந்தச் சோதனையை ஓர் ஆண்டுக்கு மட்டும் செய்து மற்றதை அப்படியே விட்டால் ஒப்பீடு நேர்மையாக இராது என்பதால்தான் இரண்டு ஆண்டுக்கும் செய்தேன்.

பணத்தைத் திருப்பித் தந்தது குற்றமல்ல. தேவைக்கு மேல் இருப்பதை உரியவரிடம் கொடுப்பது நல்ல நிர்வாகம் என்பதே என் கருத்து. ஆனால் ஆர்ஓஇ உயர்வை ‘தொழில் மேம்பட்டது’ என்று எழுதினால் அது கணக்கோடு ஒத்துப்போகாது.

நிதிப் பெருக்கி. இந்தக் கூறு உயர்ந்தால் கடன் கூடியது என்று எழுதிவிடுவது பழக்கம். டிசிஎஸ்ஸிடம் குறிப்பிடத்தக்க வங்கிக் கடனே இல்லை. 2023 மார்ச் இறுதியில் அதன் 52,445 கோடிப் பொறுப்புகளில், கடனைப் போன்ற தன்மையுடைய குத்தகைப் பொறுப்பு எட்டாயிரம் கோடிக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் வழங்குநர்களுக்கும் ஊழியர்களுக்கும் தர வேண்டியவை, முன்கூட்டியே பெற்ற கட்டணம், வரி போன்றவை. இவற்றுக்கு வட்டி கிடையாது. ஆகவே பெருக்கி 1.59 என்பதைப் பார்த்து அபாயம் என்று முடிவுகட்டாமல், பொறுப்புகளின் பட்டியலைத் திறந்து வட்டி உள்ளது எவ்வளவு, வட்டி இல்லாதது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

4ஆம் படியில் சொன்ன பக்கவிளைவும் இங்கேதான் தெரிகிறது. சராசரி முறையில் பெருக்கி 1.551இலிருந்து 1.588ஆக உயர்ந்து, ஆர்ஓஇக்கு ஒரு புள்ளிக்கு மேல் கூட்டியதாகக் கண்டோம். ஆண்டிறுதி எண்களை மட்டும் வகுத்துப் பாருங்கள்: 2021 மார்ச்சில் 1.513, 2022 மார்ச்சில் 1.588, 2023 மார்ச்சில் 1.589. உயர்வு முழுவதும் 2021-22க்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் சராசரியில் பாதி மட்டும் தெரிந்து, மறுபாதி அடுத்த ஆண்டின் மாற்றமாக வெளிப்பட்டிருக்கிறது. 2022-23இல் நிறுவனம் தன் நிதியமைப்பில் எதையும் மாற்றவில்லை என்பதே உண்மை நிலை. இப்படிப்பட்ட பொய்த்தோற்றத்தைப் பிடிப்பதற்காக, மூன்று ஆண்டிறுதிப் பெருக்கிகளையும் விரிதாளின் ஓரத்தில் எப்போதும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. விளக்கத்தை எழுதுங்கள்

ஒரு பத்தி போதும். எண்ணை முதலிலும் காரணத்தை அதை ஒட்டியும் எழுதுங்கள். நம் கணக்குக்கு நான் எழுதுவது இவ்வாறு இருக்கும்:

“2022-23இல் ஆர்ஓஇ 43.7 சதவீதத்திலிருந்து 46.9 சதவீதமாக உயர்ந்தது (சராசரி நிலுவை, மடக்கை முறைப் பங்கீடு). சொத்துச் சுழற்சி 5.2 புள்ளி கூட்டியது. ரூபாய் மதிப்புச் சரிவும் அடங்கிய 17.6 சதவீத வருவாய் வளர்ச்சியும், ஏறத்தாழ முழு லாபத்தையும் ஈவுத்தொகையாக வழங்கியதால் சொத்து வளராததும் இதற்குக் காரணங்கள். லாப விகிதம் 3.0 புள்ளி குறைத்தது. செயல்பாட்டு லாப விகிதச் சரிவும் இதர வருமானக் குறைவும் இதில் அடங்கும். நிதிப் பெருக்கி காட்டும் 1.1 புள்ளி, முந்தைய ஆண்டின் மாற்றம் சராசரியில் தாமதமாகத் தெரிந்தது.”

முறையை அடைப்புக்குறிக்குள் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் படிப்பவர் தன் கணக்கோடு ஒப்பிட முடியாது. முதல்முறை செய்யும்போது ஆவணம் திரட்டுவதில் தொடங்கி இந்தப் பத்திவரை ஒரு முழு மாலை பிடிக்கும்; விரிதாள் தயாரானபின் அடுத்த நிறுவனத்துக்குக் கணக்குப் பகுதி சில நிமிடங்களில் முடிந்து, நேரம் முழுவதும் 7ஆம் படிக்கே போகும்.

## 9. இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாத இடங்கள்

இரண்டில் ஓர் ஆண்டு நட்டம் என்றால் லாப விகிதம் எதிர்மறையாகும். மடக்கை முறை வேலை செய்யாது. முதல் முறையில் எண் கிடைக்கும், ஆனால் நட்டத்தில் இருக்கும்போது சுழற்சி உயர்ந்தால் ஆர்ஓஇ இன்னும் கீழே போகும் என்பதால் ‘சுழற்சி கெடுத்தது’ என்று தலைகீழான பொருள் வரும். அப்போது லாபம் ஏன் நட்டமானது என்பதை மட்டும் விளக்கிவிட்டு மற்ற இரண்டையும் பங்கிடாமல் விடுங்கள்.

சேர்ந்த நட்டத்தால் பங்குதாரர் நிதியே எதிர்மறையாகிவிட்ட நிறுவனத்தில் நிலைமை இன்னும் மோசம். நட்டத்தை எதிர்மறை நிதியால் வகுத்தால் கவர்ச்சியான நேர்மறை ஆர்ஓஇ கிடைக்கும், விரிதாள் எந்த எச்சரிக்கையும் தராது. எதையும் வகுக்கும் முன் 6, 7ஆம் வரிகளின் குறியைப் பார்த்துவிடுங்கள்.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சொத்துச் சுழற்சி என்பதற்குப் பொருளில்லை. அவற்றின் சொத்தே அவை கொடுத்த கடன்தான், வருவாய் அதன் வட்டி. வட்டி விகிதம் ஏறும் ஆண்டில் வங்கி எதையும் செய்யாமலேயே ‘சுழற்சி’ உயரும். அவற்றுக்கு, சொத்தின் மீதான வருவாயை நிகர வட்டி, கட்டண வருமானம், செலவு, வாராக்கடன் ஒதுக்கீடு என்று சராசரிச் சொத்தின் சதவீதமாகப் பிரித்து, அதைப் பெருக்கியால் பெருக்குவதே சரியான வழி.

காப்பீட்டு நிறுவனங்களை இந்த விரிதாளுக்குள் கொண்டுவரவே வேண்டாம். பாலிசிதாரர் நிதியும் பங்குதாரர் நிதியும் வெவ்வேறு கணக்கில் இருப்பதால், மொத்தச் சொத்து என்ற வரியே அங்கே வேறு பொருள் தரும்.